புது டெய்லரின் டார்கெட்டை நாள் கணக்கில் ஏற்றாதீர்கள், பீஸ் கணக்கில் ஏற்றுங்கள்

ஆயத்த ஆடை ஆலைகளின் புரொடக்‌ஷன் மேனேஜர்களுக்கும் ஐ.இ. பிரிவினருக்கும்,

வணக்கம். தையல் லைனுக்குப் புதிதாக வருகிறவர்களைப் பழக்கிவிடுவது என் வேலை. அவர்களுக்கு நீங்கள் போடும் டார்கெட் அட்டவணையைப் பற்றித்தான் இந்த மடல். முதல் வாரம் 30 சதவீதம், இரண்டாம் வாரம் 50, மூன்றாம் வாரம் 70 என்று ஒரே அளவுப் படிகளாக ஏறும் அட்டவணை அது. பார்க்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் கை பழகும் விதம் அப்படி இல்லை.

ஸ்லீவ் வைக்கும் ஓவர்லாக் வேலையையே எடுத்துக்கொள்வோம். அதன் எஸ்.ஏ.எம். 0.6 நிமிடம் என்றால் 100 சதவீதத்தில் மணிக்கு 100 பீஸ் வர வேண்டும். லைன் 70 சதவீதத்தில் ஓடினால் பழகிய டெய்லரிடம் நீங்கள் எதிர்பார்ப்பது மணிக்கு 70. எஸ்.ஏ.எம். என்பதே அந்த வேலையை முறையாகப் பழகிய ஒருவர் சீரான வேகத்தில் செய்ய எடுக்கும் நேரம். களைப்புக்கும் தேவைகளுக்கும் அதில் இடம் விட்டிருப்பீர்கள். கற்றுக்கொள்வதற்கு அதில் இடமே கிடையாது.

புதியவர் எங்கே பின்தங்குகிறார்? பெடலை அவராலும் அழுத்த முடியும். மெஷின் எல்லோருக்கும் ஒரே வேகத்தில்தான் ஓடுகிறது. பண்டலிலிருந்து ஸ்லீவை எடுப்பது, இடது வலது பார்ப்பது, நாட்ச்சோடு நாட்ச் சேர்ப்பது, வளைவில் நிறுத்தித் திரும்பப் பிடிப்பது, தைத்ததை ஒதுக்கி வைப்பது, இவற்றில்தான் அவருடைய நேரம் போகிறது. இந்தக் கை வேலை திரும்பத் திரும்பச் செய்தால் மட்டுமே குறையும்.

அது எப்படிக் குறைகிறது என்பதை விமானத் தயாரிப்பைக் கவனித்து டி. பி. ரைட் 1936-லேயே எழுதிவிட்டார். செய்து முடித்த மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒன்றுக்கு ஆகும் உழைப்பு ஏறக்குறைய ஒரே விகிதத்தில் குறைகிறது. விகிதம் வேலைக்கு வேலை மாறும். நம் கணக்குக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

100 பீஸ் தைத்து முடித்த நிலையில் ஒரு பெண்ணுக்கு ஒரு பீஸுக்கு 2 நிமிடம் ஆகிறது, அதாவது மணிக்கு 30. 200 பீஸ் ஆகும்போது மணிக்கு 35. 400-ல் 42, 800-ல் 49, 1600-ல் 57, 3200-ல் 68. இப்போது இதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 30-லிருந்து 35-க்கு வர அவருக்கு 100 பீஸ் போதும், மூன்று மணி நேர வேலை. 57-லிருந்து 68-க்கு வர 1600 பீஸ் வேண்டும், இடைவிடாமல் தைத்தாலும் எட்டு மணி நேர ஷிஃப்ட் மூன்றுக்கு மேல் ஆகும். முதல் நாட்களில் மளமளவென்று ஏறியவர் பிறகு "தேங்கி நிற்கிறார்" என்று சூப்பர்வைசர் எழுதும் கட்டம் இதுதான். அவர் தேங்கவில்லை. அடுத்த படிக்குத் தேவையான பீஸ்கள் இன்னும் அவர் கைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் நாளும் வாரமும் எங்கேயும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கட்டிங் தாமதமாகிப் பண்டல் வராமல் அரை நாள் உட்கார்ந்திருந்தால் அவருடைய எண்ணிக்கை நகராது, உங்கள் அட்டவணை மட்டும் நகரும். வியாழக்கிழமை ஆள் பற்றாக்குறை என்று அவரை பாட்டம் ஹெம்மிங்குக்கு மாற்றினால், அங்கே அவர் கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்குகிறார். ஸ்டைல் மாறி மெல்லிய துணி வந்தாலும் கொஞ்சம் பின்னால் போய்த்தான் மறுபடி ஏறுவார். ஆகவே ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு கார்டு வையுங்கள். எந்த ஆபரேஷனில் இதுவரை மொத்தம் எத்தனை நல்ல பீஸ் தைத்தார் என்பது அதில் ஏறட்டும். அடுத்த டார்கெட் அந்த எண்ணிலிருந்து வரட்டும். விகிதத்தை உங்கள் ஆலையில் முன்பு பழகியவர்களின் மணிவாரிக் கணக்கிலிருந்தே எடுக்கலாம்.

நல்ல பீஸ் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எட்டாத டார்கெட்டை நெருங்க அவசரப்படுகிறவர் துணியை இழுத்துத் தைப்பார், தையல் அலை அலையாக வரும். ஓவர்லாக்கில் ஊசிக்கு முன்னால் கத்தி ஓடுகிறது. தப்பாகப் போனதைப் பிரித்தாலும் வெட்டுப்பட்ட ஓரம் திரும்ப வராது. மறுபடி தைத்தால் அளவு மாறிவிடும், சில சமயம் பீஸே போய்விடும். பிரிக்கிற நேரமோ தைத்த நேரத்தைவிட அதிகம். போர்டில் 45 என்று தெரியும்போது செக்கிங் டேபிளில் அதில் எட்டு ஆல்டராகக் கிடந்தால், அந்த 45-க்கு என்ன மதிப்பு?

இன்னொன்றும் உண்டு. ஒரு பீஸை வேகமாகத் தைப்பதும் ஒரு ஷிஃப்ட் முழுக்க அதே வேகத்தில் தைப்பதும் வேறு வேறு திறமைகள். இரண்டையும் ஒரே நாள் சராசரியில் போட்டால் என்ன குறை என்றே தெரியாது. மணிவாரி எண்களைப் பார்த்தால் தெரியும். காலையில் நன்றாக வந்து சாப்பாட்டுக்குப் பிறகு இறங்கினால் கை பழகிவிட்டது, உடம்பு இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். நாள் முழுக்க ஒரே மாதிரி குறைவாக இருந்தால் பிடிக்கும் முறையில் கோளாறு, பக்கத்தில் உட்கார்ந்து திருத்த வேண்டும். ஒரு மணிக்கு 50, அடுத்த மணிக்கு 20 என்று துள்ளினால் பெரும்பாலும் அவர் மேல் தவறே இருக்காது. நூல் அறுந்திருக்கும், பண்டல் வந்திருக்காது. அதனால் புது டார்கெட்டை முதலில் ஒரு பண்டலுக்குக் கேளுங்கள், அப்புறம் ஒரு மணிக்கு, அது நிலைத்த பிறகு அரை நாளுக்கு. கடைசியாக முழு ஷிஃப்டுக்கு.

லைன் கணக்கையும் சொல்லியாக வேண்டும். ஸ்லீவ் வைக்க இரண்டு பேர், ஒருவர் 70, புதியவர் 35 என்றால் அங்கிருந்து மணிக்கு 105 தான் வெளியே போகும். போர்டில் 140-ஐ விட்டுவைத்தால் மீதி 35-ஐப் பழகியவர் தலையில் கட்டுகிறீர்கள், அல்லது லைன் மொத்தமும் இன்சென்டிவை இழக்கிறது. இரண்டிலும் கோபம் புதியவர் மேல்தான் திரும்புகிறது. சொல்லிக் கொடுக்க வேண்டிய பக்கத்து மெஷின்காரரே முகத்தைத் திருப்பிக்கொண்டால் அந்தப் பெண் யாரிடம் கேட்பார்? அவர் கார்டில் என்ன எண் இருக்கிறதோ அதை வைத்து லைன் டார்கெட்டைக் குறையுங்கள். இன்சென்டிவ் கணக்கிலிருந்து அவரைத் தனியாக வையுங்கள். 3200-ஐத் தாண்டும் வரை அவர் சம்பளம் பீஸ் ரேட்டாக இல்லாமல் நாள் சம்பளமாகவே இருக்கட்டும்.

பண்டல் சரியாக வந்து, முறையும் திருத்தப்பட்டு, அப்படியும் 800 பீஸ் தாண்டிய பிறகு மணிக்கு 35-லேயே ஒருவர் நின்றால், அவருக்கு இந்த ஆபரேஷன் ஒத்துவரவில்லை என்று நீங்கள் முடிவு செய்யலாம். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்த முடிவைக் காலண்டரைப் பார்த்து எடுக்காதீர்கள். அடுத்த ஸ்டைல் லோடு ஆகும்போது ஒரே ஒரு லைனில், புதிதாக வந்த இரண்டு மூன்று பேருக்கு மட்டும் இந்தக் கார்டைப் போட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு லைன் டிரெய்னர்