வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: எங்கள் தொலைபேசி இனிப் 13 வினாடிதான் பேசும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். திருகோணமலை நகரத்திலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்திலும் எங்களைப் ‘பலகார வீடு’ என்றே அழைக்கிறீர்கள். வீட்டின் பின்புறத்தில் இரண்டு அடுப்புகளும் நான்கு கைகளும் மட்டுமே உள்ள தொழில் இது. காலை ஒன்பதிலிருந்து மாலை வரை அந்த நான்கு கைகளிலும் மாவோ எண்ணெயோ இருக்கும். அந்த நேரத்தில் வரும் அழைப்புகளுக்குப் பதிவுசெய்த குரல்தான் பதில் சொல்கிறது. வரும் திங்கட்கிழமை முதல் அதை மாற்றுகிறோம். ஏன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய பதிவு 34 வினாடி ஓடியது. “தற்சமயம் தங்கள் அழைப்பை ஏற்க இயலாத நிலையில் உள்ளோம் என்பதை வருத்தத்துடன் அறியத் தருகிறோம்” என்று அரச அலுவலகக் கடிதம்போல நானே எழுதி வாசித்தேன். மரியாதையாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் தவறிய அழைப்புகள் நிறைய இருந்தபோதும், செய்தி விட்டவர்கள் மிகச் சிலர். பதிவு பேசத் தொடங்கியதுமே அழைப்பவர் கணக்கில் பணம் ஓடத் தொடங்கிவிடும். என் வருத்தத்தைக் கேட்க அவர் ஏன் காசு செலவழிக்க வேண்டும்?

நிலாவெளியிலிருந்து அழைத்த ஒரு அம்மாவின் செய்திதான் என்னை உண்மையில் விழிக்க வைத்தது. பதிவில் இருந்தது இவ்வளவுதான்: “...சனிக்கிழமைக்கு, மறந்துவிட வேண்டாம் மகள்.” என்ன பலகாரம், எத்தனை என்று ஒன்றும் இல்லை. திருப்பி அழைத்தபோதுதான் விளங்கியது. பழைய பதிவு “ஹலோ, வணக்கம்” என்று தொடங்கி, அங்கே நான் மூச்சு வாங்கியிருந்தேன். நானே எடுத்துவிட்டதாக நினைத்து அவர் பேசத் தொடங்கியிருக்கிறார். பேரனின் பிறந்தநாளுக்கு 50 அரியதரமும் பயத்தம் பணியாரமும் வேண்டுமென்று சொன்னதெல்லாம் மணியோசைக்கு முன்பே காற்றில் போய்விட்டது.

ஆகவே ‘ஹலோ’வை எடுத்துவிட்டேன். வணக்கத்தோடு ஒட்டியே வீட்டின் பெயர் வரும், இடைவெளி இல்லை. புதிய பதிவு இது:

“வணக்கம், பலகார வீடு. கை மாவில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்குள் திருப்பி அழைப்போம். உங்கள் பெயர், வேண்டிய பலகாரம், எந்தத் திகதிக்கு என்பதை மணியோசைக்குப் பிறகு சொல்லுங்கள்.”

மொத்தம் 21 சொற்கள். நிதானமாகச் சொன்னால் 13 வினாடி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. அதே நேரத்துக்குள் இதற்கு மேல் ஐந்தாறு சொல் சேர்த்தாலே அவசரம் குரலில் தெரிந்துவிடுகிறது. முதலில் ‘எந்த நாளைக்கு’ என்று வைத்திருந்தேன். தொலைபேசியில் கேட்ட என் மருமகளின் காதில் ‘நாளைக்கு’ மட்டும் விழுந்தது. நாளைக்கே ஐம்பது அரியதரம் கேட்டு வந்தால் யார் சுடுவது? ‘திகதி’ என்று மாற்றினேன். திருப்பி அழைக்கும் நேரத்தை முன்னால் சொல்லி, நீங்கள் சொல்ல வேண்டியதைக் கடைசியில் வைத்ததற்கும் காரணம் உண்டு. மணி அடிக்கும்போது காதில் நிற்பது கடைசி வரிதான்.

‘கை மாவில் இருக்கிறது’ வேண்டுமா என்று வீட்டில் ஒரு வாதம் நடந்தது. மரியாதைக் குறைவு என்றார் என் கணவர். எனக்கு அது உண்மையாகப் பட்டது, மூன்றே சொல்லும்கூட. அது இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

பதிவு செய்வது எழுதுவதைவிடக் கடினம். அடுப்படியில் பேசினால் எண்ணெய் பொரியும் சத்தம் மழைபோலக் கேட்கிறது. முற்றத்தில் கடற்காற்று. முன் அறையில் நன்றாகப் பேசி முடிக்கும் நேரத்தில் பாண் விற்கும் முச்சக்கர வண்டி தன் இசையோடு வந்து நின்றது. கடைசியில் துணி நிறைந்த அலுமாரியின் கதவைத் திறந்து, அதற்குள் முகத்தை நீட்டிப் பேசினேன், எதிரொலி போய்விட்டது. முடிந்தவுடன் பதிவை நிறுத்தவும் பழக வேண்டியிருந்தது. இரண்டு வினாடி அமைதி மிஞ்சினாலும், அழைப்புத் துண்டிக்கப்பட்டதாக நினைத்து வைத்துவிடுகிறார்கள். பிறகு கணவரின் தொலைபேசியிலிருந்து தெருவில் நின்று அழைத்துக் கேட்டேன். தொலைபேசி குரலின் மிகத் தாழ்ந்த ஒலிகளையும் மிக உயர்ந்த ஒலிகளையும் வெட்டிவிடுகிறது. அறையில் தெளிவாகக் கேட்ட ‘பலகார’ அங்கே மங்கியது. அந்த ஒரு சொல்லை மட்டும் மெதுவாக்கி மீண்டும் பதிந்தேன்.

உங்கள் இலக்கத்தைக் கேட்கவில்லை, திரையிலேயே தெரியும் என்பதால். வெளிநாட்டிலிருந்து அழைப்போரின் இலக்கம் சில வேளைகளில் மறைந்து வருகிறது. அவர்கள் மட்டும் தயவுசெய்து ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொல்லுங்கள். சிங்களத்திலும் அதையே சேர்த்துப் பார்த்தோம், 27 வினாடியாகிவிட்டது. ஆகவே பதிவு தமிழில் மட்டும் இருக்கும். சிங்களம் பேசும் அயலவர்கள் தங்கள் மொழியிலேயே செய்தி விடலாம், மருமகளுக்கு நன்றாக விளங்கும்.

மாலை ஆறுக்குப் பின் வரும் செய்திகளுக்கு மறுநாள் ஆறு மணிக்குள் அழைப்போம். அதற்குள் அழைப்பு வராவிட்டால், செய்தி சரியாகப் பதியவில்லை என்று பொருள். இன்னொரு முறை அழையுங்கள்.

அன்புடன்,
பலகார வீட்டார்,
திருகோணமலை