காய்ச்சல் போனபின்னும் இருமல் ஏன்?

ஆசிரியருக்கு,

ஃப்ளூ பற்றிய உங்கள் கட்டுரை 'ஒரு வாரத்தில் சரியாகிவிடும்' என்று முடிந்திருந்தது. காய்ச்சலுக்கு அது பெரும்பாலும் சரி. இருமலும் அசதியும் அந்தக் கணக்கில் வராது.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்மயிர் கொண்ட செல்கள் சளியையும் தூசியையும் இடைவிடாமல் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கின்றன. ஃப்ளூ வைரஸ் தாக்குவது இவற்றைத்தான். உரிந்துபோன இடத்தில் புதுச் செல்கள் வளர்ந்து, நுண்மயிர் முளைத்து வேலைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அடியிலுள்ள நரம்பு முனைகள் கூசும். குளிர்காற்று, சென்ட் வாசனை, வாய்விட்டுச் சிரிப்பது, போனில் நீளமாகப் பேசுவது என எதுவும் இருமலைக் கிளப்பும். 3 முதல் 8 வாரம் வரை இப்படி நீள்வது வழக்கம். வைரஸால் வந்த இந்த வறட்டு இருமலுக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவதில் பயனில்லை.

இருமலே மூச்சுக்குழாயை மேலும் புண்ணாக்கி அடுத்த இருமலை அழைக்கும். அரிப்பு எழுந்ததும் வாயை மூடி, எச்சிலை விழுங்கி, மூக்கால் மெதுவாகச் சில மூச்சு விடுங்கள். பிறகு ஒரு மடக்குத் தண்ணீர். சளி கட்டியிருந்தால் மட்டும் அடக்காமல் இருமித் துப்பிவிடலாம். இரவில் ஒரு தேக்கரண்டி தேன் இதம் தரும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. புகைபிடிப்பவர்கள் அதை நிறுத்தாதவரை இந்தப் புண் ஆறத் தாமதமாகும்.

அசதிக்குக் காரணம், வைரஸோடு போராட உடல் சுரந்த வேதிப்பொருள்களின் தாக்கமும் படுத்தே கிடந்ததில் தசை தளர்ந்ததும். கொஞ்சம் தெம்பு வந்த நாளில் விட்ட வேலையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்துவிட்டு, மறுநாள் எழ முடியாமல் கிடப்பவர்கள்தான் அதிகம். வழக்கமாக 40 நிமிடம் நடப்பவர், காய்ச்சல் முழுதாக விட்டபின் சமதரையில் 10 நிமிடம் மெதுவாக நடந்து பார்க்கட்டும். நடக்கும்போதே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். அன்று எப்படி இருந்தது என்பதைவிட மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்பதே அளவுகோல். மூன்று நாள் சிக்கலில்லை என்றால் 13 நிமிடம், பிறகு 16. மறுநாள் அசதி கூடினால், முன்பு ஒத்துக்கொண்ட அளவுக்கே திரும்ப வேண்டும். மாடியேற்றமும் ஓட்டமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தேறிவந்தபின் மீண்டும் காய்ச்சல் அடித்தால் நிமோனியாவா என்று பார்க்க வேண்டும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, படபடப்பு, சளியில் ரத்தம் இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். எடை குறைவு, இரவு வியர்வை இருந்தாலும், காசநோய் பரவலாக உள்ள பகுதியில் இருமல் இரண்டு வாரம் தாண்டினாலும் சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் அதன் பெயரையும் சொல்லுங்கள். அவற்றில் ஒரு வகை தானே வறட்டு இருமலைத் தரும்.