வெஞ்சனம் தப்பான சொல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நகைச்சுவைப் பாத்திரங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். "பெரிய சொற்களைத் தப்பும் தவறுமாகப் பேசிச் சிரிக்க வைப்பதில் செட்டிநாட்டு ஆச்சிகளை மிஞ்ச ஆளில்லை" என்று அதில் ஒரு வரி. அதற்குச் சான்றாகக் கொடுத்திருந்த சொற்கள் இரண்டு: வெஞ்சனம், இஸ்கூலு.

இரண்டுமே பெரிய சொல் இல்லை. இரண்டுமே தப்பும் இல்லை.

பெரிய சொல்லைத் தப்பாகப் பேசினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காரைக்குடியில் நானும் என் கணவரும் முப்பது வருஷம் கல்யாணப் பத்திரிகை அச்சடித்தோம். புரூப் பார்த்தது நான். எங்கள் உறவில் ஒரு கல்யாணத்தில், மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறையான ஒருவர் வளவில் கூடியிருந்தவர்கள் முன்னால் எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாப்பிள்ளை வீட்டுப் பிரதிவாதியாக இங்கே நிற்பதில் பெருமைப்படுகிறேன்" என்றார். பெண்ணின் மாமா வக்கீல் குமாஸ்தா. முதலில் சிரித்தவர் அவர்தான். பிறகு வளவே சிரித்தது. பெரியப்பா மட்டும் தம் பேச்சு எடுபட்டுவிட்டது என்று நினைத்துத் தலையாட்டிக்கொண்டார்.

ஏன் அத்தனை சிரிப்பு? அவர் சொல்ல வந்தது பிரதிநிதி. சொன்னது பிரதிவாதி. இரண்டுக்கும் ஐந்தைந்து எழுத்து. முதல் மூன்றும் ஒன்று, கடைசி எழுத்தும் ஒன்று. வாக்கியத்திலும் அது உறுத்தாமல் உட்கார்ந்துகொண்டது. அதனால் கேட்டவர் மனம் அந்த நொடியிலேயே சரியான சொல்லையும் எடுத்துவிட்டது. ஒரு காதில் பிரதிநிதி, மறு காதில் பிரதிவாதி. பிரதிவாதி என்றால் வழக்கில் எதிர்த்தரப்பு. அன்று காலையில்தான் சீர் சாமானில் ஏதோ குறைகிறது என்று இரண்டு வீட்டாருக்கும் வாக்குவாதம் நடந்திருந்தது. மறைக்க நினைத்த சண்டையை அவர் வாயே மேடையேற்றிவிட்டது. அங்கிருந்த பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அந்த இரண்டு சொல்லுமே தெரியாது.

அவர் "பிரதிகிதி" என்று அர்த்தமில்லாமல் உளறியிருந்தால் பாவம் என்றிருப்போம். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு திருத்தியிருந்தால் அது வாய் தவறியது, அதோடு போயிருக்கும். "மாப்பிள்ளை வீட்டுக்காகப் பேசுகிறேன்" என்று சாதாரணமாகச் சொல்லியிருந்தால் ஒன்றுமே இல்லை. எட்டாத சொல்லை எட்டிப் பிடிக்கப் போய், பக்கத்தில் இருந்த வேறொரு சொல் கையில் வந்து, அதுதான் இது என்று அவர் நெஞ்சார நம்பியதால்தான் சிரிப்பு.

தாங்கள் அறியாததல்ல. ஷெரிடன் 1775-ல் மேடையேற்றிய ஆங்கில நாடகத்தில் வரும் மிஸஸ் மாலப்ராப் இப்படித்தான் பேசுவாள். இந்த வகைப் பேச்சுக்கு ஆங்கிலத்தில் அவள் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். நான் கல்லூரியில் படித்தது இன்னும் மறக்கவில்லை. தன் மருமகள் முறைப் பெண்ணின் பிடிவாதத்தைச் சொல்ல, நைல் நதிக்கரை முதலை மாதிரி என்று சொல்ல வருவாள். அலிகேட்டர் என்பதற்குப் பதில் அல்லகரி என்பாள். உருவகக் கதைக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர். நைல் நதியில் இருப்பது அலிகேட்டர் வகை முதலையே இல்லை. அவள் சரியான சொல்லைப் பிடித்திருந்தாலும் தப்பாகத்தான் இருந்திருக்கும். இன்னொரு இடத்தில், அடைமொழிகளை அழகாக அடுக்குவது என்று சொல்லும் நினைப்பில், கல்லறை வாசகங்களை அழகாகக் குலைப்பது என்று சொல்லிவிடுவாள். அதுவும் தன் பேச்சை யாரோ குறை சொல்லிவிட்டார்கள் என்ற கோபத்தில், தன் பேச்சுத் திறமையை எடுத்துச் சொல்லும்போது! படித்தவள் என்று காட்டிக்கொள்ளும் அந்தத் தோரணையை எடுத்துவிட்டால் அவளிடம் சிரிக்க எதுவும் மிஞ்சாது.

இப்போது வெஞ்சனத்துக்கு வருகிறேன். வியஞ்சனம் என்ற வடசொல் எங்கள் பக்கம் வெஞ்சனம் ஆனது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி, கூட்டு, பொரியல் எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். அதைச் சொல்கிற ஆச்சி எதையும் எட்டிப் பிடிக்கவில்லை. அவர் கையில் இருக்கிற சொல் அது. கேட்பவர் மனத்தில் அதற்குப் பதிலாக வேறு சரியான சொல் எதுவும் வந்து நிற்பதில்லை. இஸ்கூலும் அப்படித்தான். தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது, லகரமும் வராது. முன்னால் ஓர் இகரம் போட்டுக்கொள்வோம். லட்சுமணனைக் கம்பன் இலக்குவன் என்றான். 1939-லிருந்து கம்பன் விழா எடுக்கிற ஊர் எங்கள் ஊர். இலக்குவன் என்று கேட்டு அந்தப் பந்தலில் யாரும் சிரித்து நான் பார்த்ததில்லை.

என் ஆத்தாவுக்குச் சர்க்கரை வியாதி. ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்கள். "பழையசோறும் ரெண்டு வெஞ்சனமும்" என்றார். குறிப்பு எழுதிக்கொண்டிருந்த பெண் பேனாவை வைத்துவிட்டு, "வெஞ்சனமா?" என்று பக்கத்திலிருந்தவளைப் பார்த்துச் சிரித்தது. ஆத்தா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அடுத்த மாதம் போனபோது எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்லை" என்றே சொன்னார். நாலு நாளாகக் கிறுகிறுப்பு இருந்ததை வீட்டுக்கு வந்து என்னிடம்தான் சொன்னார். எண்பது வயதில் ஒரு மனுஷி தன் வாயில் வருகிற சொல்லுக்குக் கூச்சப்பட்டு வியாதியை மறைத்தார். உங்கள் கட்டுரையின் அந்த வரியைப் படித்ததும் எனக்கு ஞாபகம் வந்தது அந்தச் சேலைத் தலைப்புதான்.

சினிமாவில் இதே வேலையைப் பல வருஷமாகச் செய்கிறார்கள். சமையல் பக்கத்தில் எங்கள் பெயரில் மிளகுக் கோழி, நகைச்சுவைப் பக்கத்தில் எங்கள் ஆச்சிமார். எங்களைப் பற்றி எழுத வேறு ஒன்றுமே கிடைக்கவில்லையா? போன வருஷம் இதைப் பற்றியே ஒரு கடிதம் எழுதினேன். அது வெளிவரவில்லை, அதற்காக வருத்தமில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கட்டுரை வந்த அதே இதழின் முதல் பக்கத்தில், மறைந்த தலைவரைப் பற்றிப் பலரும் "நினைவு கூறினர்" என்று அச்சாகியிருக்கிறது. அது நினைவுகூர்ந்தனர். கூர்தல் என்றால் மிகுதல். அன்பு கூர்ந்து என்று எழுதுகிறவர்கள் அன்பு கூறி என்று எழுதுவதில்லையே. கூர் என்ற சொல்லுக்குப் போக வேண்டியவர் பக்கத்திலிருந்த கூறு என்பதை எடுத்து, அதுதான் சரியென்று நம்பி அச்சேற்றியிருக்கிறார். எங்கள் உறவுக்காரப் பெரியப்பா செய்ததும் இதேதான். அவரைப் பார்த்து ஒரு வளவு சிரித்தது. உங்கள் வரியை அத்தனை வாசகர்களும் ஒன்றும் தோன்றாமல் படித்துவிட்டுப் போயிருப்பார்கள். அச்சில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று எங்களைப் போன்றவர்கள் உங்கள் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையில் கொஞ்சத்தை எங்கள் ஆச்சிமார் பேச்சின் மேலும் தாங்கள் வைக்கலாம்.

மன்னிப்புக் குறிப்பு எதுவும் நான் கேட்கவில்லை. கட்டுரையில் வெஞ்சனம் என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை எங்கள் பக்கத்து ஆச்சி யாராவது உங்கள் பக்கங்களில் பேசினால், அந்தக் குறிகளை மட்டும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
காரைக்குடி