ஆண்டறிக்கை 2025–26: நோட்டீஸ் நாளிலிருந்து தீர்ப்பாயம் வரை

தலைவர் அவர்களுக்கும் பேரவைத் தோழர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவு அறிக்கையைப் பொருளாளர் தனியாக வைக்கிறார். செயற்குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கின்றன. அவற்றை இங்கே திரும்பச் சொல்லவில்லை. இந்த ஆண்டு நம் இணைப்புச் சங்கங்களின் நிர்வாகிகள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி: வேலைநிறுத்தத்தை எந்தத் தேதியில் தொடங்கினால் சட்டப்படி நிற்கும்? அதனால் அறிக்கையின் பெரும்பகுதியை அந்தக் கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின் இடத்தை அது எடுத்துக்கொண்டது. பழைய சட்டத்தில் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கும் கட்டாயம் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டுமே இருந்தது. மற்ற ஆலைகளில் சமரசப் பேச்சோ ஒப்பந்தமோ தடையாக இல்லாவிட்டால் நோட்டீஸ் இல்லாமலும் நிறுத்த முடிந்தது. இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் 14 நாள் நோட்டீஸ் கட்டாயம். "முப்பது வருஷமா இப்படித்தான் நிறுத்தியிருக்கோம்" என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். அந்தப் பழக்கம் இன்று தொழிலாளியின் சம்பளத்தையே பறிக்கும்.

நோட்டீஸ் இல்லாத நிறுத்தம் எவ்வளவு விலை கேட்கும் என்பதற்குச் சென்னையிலேயே பழைய வழக்கு ஒன்று உண்டு. 1948 நவம்பர் 1 அன்று சூரிய கிரகணம். அன்றைக்கு விடுமுறை விடக் கர்னாடிக் மில் நிர்வாகம் மறுத்தது. கார்டிங், ஸ்பின்னிங் பிரிவுகளின் இரவு ஷிப்ட் தொழிலாளர்கள் 859 பேர் மாலை 4 மணிவாக்கில் வேலையை நிறுத்தினார்கள். இரவு 8 மணிக்கு இரு பிரிவுகளிலும் நிறுத்தம் முடிந்தது, 10 மணிக்குள் எல்லாம் ஓய்ந்துவிட்டது. பஞ்சாலை அப்போது பொதுப் பயன்பாட்டுச் சேவையாக அறிவிக்கப்பட்டிருந்தது, நோட்டீஸ் கொடுக்கப்படவில்லை. அந்தச் சில மணி நேர நிறுத்தம் சட்டவிரோத வேலைநிறுத்தம் என்றும், அதனால் தொடர் பணி முறிந்தது என்றும் 1952-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுமுறைக்கான உரிமை அதோடு போயிற்று. அன்று பஞ்சாலைக்கு இருந்த அந்த விதி இன்று நட்டு போல்ட்டு செய்யும் பட்டறைக்கும் உண்டு.

இனி நாள் கணக்கு. ஜூன் மாதப் பயிற்சி வகுப்பில் எடுத்துக்கொண்ட மாதிரியையே இங்கே தருகிறேன். 240 பேர் வேலை செய்யும் ஓர் ஆலை. சங்கம் மார்ச் 2 அன்று நோட்டீஸ் கொடுத்து, மார்ச் 20 முதல் வேலைநிறுத்தம் என்று குறிப்பிடுகிறது. கொடுத்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் 14 நாள் மார்ச் 16-இல் முடிகிறது. ஆகவே 20 சரியான தேதிதான் என்று தோன்றும். பெரும்பாலான நிர்வாகிகள் இத்தோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். தப்பு நடப்பது இதற்குப் பிறகுதான்.

நோட்டீஸ் கிடைத்ததும் சமரச அதிகாரி இரு தரப்பையும் அழைக்கிறார். முதல் அமர்வு மார்ச் 10 என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அந்த நாளில்தான் சமரச நடவடிக்கை தொடங்குகிறது. அது நடந்துகொண்டிருக்கும்போதும், முடிந்த பிறகு 7 நாள் வரையிலும் வேலைநிறுத்தம் கூடாது. வேலைநிறுத்த நோட்டீஸ் வந்திருக்கும் தகராறில் அதிகாரி 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், அதாவது மார்ச் 24. அன்றே முறிவு அறிக்கை கைக்கு வந்துவிட்டால் 7 நாள் மார்ச் 31-இல் முடியும். ஏப்ரல் 1-க்கு முன் இறங்க முடியாது. நோட்டீஸில் போட்ட மார்ச் 20 அன்று கேட்டை மறித்திருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே போராட்டம் சட்டவிரோதம் ஆகியிருக்கும்.

கடைசி அமர்வில் நிர்வாகத் தரப்பு எழுந்து போய்விட்டால் சமரசம் முடிந்துவிட்டது என்று தோழர்கள் நினைக்கிறார்கள். பேச்சு முறிந்த நாள் வேறு, சமரச நடவடிக்கை முடிந்த நாள் வேறு. முறிவு அறிக்கை எழுத்தில் வரும்வரை சமரசம் நிலுவையில் இருப்பதாகவே எண்ணுங்கள். அறிக்கை தாமதமானால் ஒவ்வொரு வாரமும் எழுதிக் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலைக் கோப்பில் வையுங்கள்.

மறுமுனையிலும் ஓர் எல்லை இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்து 60 நாளுக்குள் வேலைநிறுத்தம் தொடங்க வேண்டும். மார்ச் 2 நோட்டீஸுக்கு அந்த 60 நாள் மே 1-இல் தீர்கிறது. விளிம்பில் நிற்காமல் ஏப்ரல் 30 என்றே கொள்ளுங்கள். ஆக இந்த ஆலையில் சட்டப்படி இறங்கக் கிடைப்பது ஏப்ரல் மாதம் மட்டும். அது கடந்தால் புது நோட்டீஸ், திரும்பவும் முதலிலிருந்து.

அந்த ஏப்ரலும் முழுதாகக் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. புதிய சட்டத்தின் மிகக் கூர்மையான மாற்றம் இதுதான். முன்பு பொதுவான கோரிக்கைகள் மீதான தகராறு தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டுமென்றால் அரசு பரிந்துரைக்க வேண்டும். அந்த ஆணைக்காகச் சங்கங்கள் மாதக்கணக்கில் கோட்டைக்கு நடந்த காலம் உண்டு. இப்போது அரசின் பரிந்துரை தேவையில்லை. சமரசத்தில் தீராத விஷயத்தை, அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் எந்தத் தரப்பும் நேரே தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகலாம். "எந்தத் தரப்பும்" என்பதில் நிர்வாகமும் அடக்கம். தீர்ப்பாயத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போதும், முடிந்த பிறகு 60 நாள் வரையிலும் வேலைநிறுத்தம் தொடங்க முடியாது. நம் மாதிரியில் மார்ச் 25 அன்று நிர்வாகமே மனு போட்டுவிட்டால் ஏப்ரல் முழுவதும் அடைபட்டுப் போகும். மாறாக, ஏப்ரல் 1 அன்று முறைப்படி தொடங்கிவிட்ட வேலைநிறுத்தம், ஏப்ரல் 3 அன்று மனு தாக்கலானதாலேயே சட்டவிரோதம் ஆகிவிடாது. இதே காரணத்தால் நாமே அவசரப்பட்டு மனுப் போடுவதையும் யோசித்துச் செய்ய வேண்டும். வேலைநிறுத்தமா, வழக்கா என்ற முடிவை முறிவு அறிக்கை வருவதற்கு முன்பே பொதுக்குழு எடுத்து வைத்திருக்க வேண்டும்.

கூட்டாக விடுப்பு எடுப்பதை நோட்டீஸுக்கு மாற்று வழியாகச் சிலர் சொல்கிறார்கள். அந்த வழியும் அடைபட்டுவிட்டது. குறிப்பிட்ட நாளில் 50 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்டோர் ஒன்றுசேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். 240 பேர் ஆலையில் 120 பேர் விடுப்புக் கடிதம் கொடுத்தாலே போதும்.

சட்டவிரோத வேலைநிறுத்தத்துக்குத் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ, ஒரு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் குடும்பத்தைத் தாக்குவது சம்பள இழப்பே. வேலைநிறுத்த நாட்களுக்குச் சம்பளம் வேண்டுமென்றால் அது சட்டப்படியும் இருக்க வேண்டும், நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று 1994-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாக்கியது. தேதிக் கணக்கு சரியாக இருந்தால் பாதிதான் தாண்டியிருக்கிறோம். நியாயத்தைப் பார்க்கும்போது கோரிக்கை எவ்வளவு அவசரமானது, பேசித் தீர்க்க உண்மையாக முயன்றோமா, வன்முறை நடந்ததா என்று தீர்ப்பாயம் கேட்கும். கேட்டில் ஒரு கண்ணாடி உடைந்தாலும் அந்தப் பாதி ஆட்டம் கண்டுவிடும்.

கதவடைப்புக்கும் இதே நோட்டீஸ் விதிகள் முதலாளிக்கு உண்டு. சட்டவிரோதக் கதவடைப்புக்கு 50,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, ஒரு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அதனாலேயே எந்த நிர்வாகமும் கதவடைப்பு என்ற சொல்லை எழுத்தில் போடாது. மூலப்பொருள் இல்லை, லே-ஆஃப் என்று பலகை வைக்கும். அல்லது "நன்னடத்தை உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவர்கள் உள்ளே வரலாம்" என்று சொல்லிவிட்டு, தொழிலாளர்கள்தான் வரவில்லை, இது வேலைநிறுத்தம் என்று பின்னால் வாதாடும். வேலை கொடுக்க இயலாத நிலை லே-ஆஃப். தகராறில் பணிய வைக்க வேலையை மறுப்பது கதவடைப்பு. எது நடந்தது என்பதைத் தீர்ப்பாயம் அந்த வாரத்து ஆதாரங்களை வைத்தே முடிவு செய்யும். ஆகவே முதல் நாளே பலகையைத் தேதி தெரியப் படம் எடுங்கள். ஷிப்ட் நேரத்துக்கு வந்தவர்களின் பெயரையும் டோக்கன் எண்ணையும் எழுதி, தினமும் கையெழுத்து வாங்குங்கள். "நிபந்தனையில்லாமல் வேலை செய்யத் தயார்" என்று நிர்வாகத்துக்குப் பதிவுத் தபால் அனுப்பி, நகலைச் சமரச அதிகாரிக்கும் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து தயாரிக்கும் பட்டியல் குறுக்கு விசாரணையில் பத்து நிமிடம் தாங்காது.

வழக்கு நிலுவையில் இருக்கும்போது வேலைநிறுத்த உரிமையை எடுத்துக்கொள்ளும் சட்டம், அதற்கு ஈடாக ஒன்றைத் தருகிறது. தகராறில் உள்ள விஷயத்தில் பணி நிலைமைகளை முதலாளி தன்னிச்சையாக மாற்றக் கூடாது. தகராறோடு தொடர்புள்ள குற்றச்சாட்டுக்காக ஒருவரை நீக்க வேண்டுமென்றால் எழுத்துபூர்வமான முன் அனுமதி தேவை. தொடர்பில்லாத குற்றச்சாட்டு என்றால் ஒரு மாதச் சம்பளம் கொடுத்து, அந்த நடவடிக்கைக்கு ஒப்புதல் கேட்டு மனுவும் போட வேண்டும். பழைய சட்டத்தின் 33-ஆம் பிரிவில் இருந்த இந்தப் பாதுகாப்பு புதிய சட்டத்திலும் தொடர்கிறது. ஒப்புதல் கேட்காமலே விட்டால் அந்தப் பணிநீக்கம் செல்லாது என்று 2002-இல் அரசியல் சாசன அமர்வு சொன்ன தீர்ப்பு 33-ஆம் பிரிவின் கீழ் வந்தது. ஆகவே நீக்க உத்தரவோடு எந்தத் தோழர் வந்தாலும் நிர்வாகிகள் முதலில் பார்க்க வேண்டியவை: உத்தரவின் தேதி, அன்று சமரசமோ வழக்கோ நிலுவையில் இருந்ததா, சம்பளம் எந்த நாளில் வந்தது, மனு எந்த நாளில் போடப்பட்டது. குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்ற விவாதத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தீர்ப்பாய மனு எழுதுவதில் ஒரு குறை தொடர்ந்து தெரிகிறது. சமரசத்தில் நான்கு கோரிக்கைகளைப் பேசிவிட்டு மனுவில் ஏழாக்கிவிடுகிறார்கள். தீர்ப்பாயத்துக்குப் போவது சமரசத்தில் தீராத விஷயம் மட்டுமே. சேர்த்த மூன்றுக்கும் நிர்வாகம் முதற்கட்ட ஆட்சேபணை எழுப்பும், அதிலேயே வாய்தாக்கள் ஓடும். கூடுதல் கோரிக்கை இருந்தால் தனிக் கடிதமாகக் கொடுத்து, தனிச் சமரசமாகக் கொண்டுபோங்கள். நடப்பு ஒப்பந்தத்தில் அடங்கிய கோரிக்கைக்கு அதன் காலம் முடியும்வரை வேலைநிறுத்தமே கூடாது என்பதால், பட்டியல் தயாரிக்கும்போது ஒப்பந்தப் புத்தகத்தைப் பக்கத்தில் திறந்து வையுங்கள்.

மேலே சொன்ன நாள் கணக்கை ஒரே தாளில் நிரப்பும்படி படிவம் ஒன்று தயார் செய்திருக்கிறோம்: நோட்டீஸ் கொடுத்த நாள், ஒப்புகை பெற்ற நாள், முதல் அமர்வு, முறிவு அறிக்கை பெற்ற நாள், 7 நாள் முடிவு, 60 நாள் முடிவு, 90 நாள் முடிவு. இணைப்புச் சங்கங்கள் நோட்டீஸ் கொடுக்கும் அன்றே படிவத்தை நிரப்பி ஒரு நகலை அலுவலகத்தில் சேர்க்க வேண்டும் என்ற தீர்மானத்தைச் செயற்குழு சார்பில் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

தோழமையுடன்,
பொதுச்செயலாளர்