ஆண்டுச் சேமிப்புத் திட்டம் நிறுத்தப்படுகிறது

வணக்கம். ஒரு வருடச் சந்தாவை முன்கூட்டியே கட்டும் நமது ஆண்டுச் சேமிப்புத் திட்டம் இந்த மாதக் கடைசி நாளோடு முடிகிறது. அன்றோடு உங்களுடனான ஒப்பந்தமும் முடிவுக்கு வரும். முடிவு எங்களுடையது என்பதால் ரத்துக் கட்டணம் எதுவும் பிடிக்க மாட்டோம்.

மீதிப் பணத்தை மாதக் கணக்கில் தருகிறோம். 12 மாதத்துக்குக் கட்டி 7 மாதம் முடிந்திருந்தால், கட்டியதில் 12-இல் 5 பங்கு திரும்ப வரும். தள்ளுபடியில் சேர்ந்தவர்களுக்கு, உண்மையில் கட்டிய தொகையே கணக்கு.

எந்தக் கார்டில் அல்லது கணக்கில் இருந்து கட்டினீர்களோ, அதற்கே பணம் வரும். நீங்கள் விண்ணப்பிக்க வேண்டாம். அந்தக் கணக்கை மூடியிருந்தால் மட்டும், செயலியில் 'பணம் திரும்பப் பெறுதல்' பகுதிக்குப் போய் புதிய வங்கிக் கணக்கை இப்போதே பதியுங்கள். இல்லாவிட்டால் அனுப்பிய பணம் எங்களிடமே திரும்பி வந்து, உங்களுக்குத்தான் தாமதமாகும்.

அப்புறம், தானியங்கிப் பணப்பிடிப்பை நாங்கள் நிறுத்திவிடுவோம். ஆனாலும் உங்கள் வங்கிச் செயலியில் அந்த அனுமதி இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள், இருந்தால் நீக்கிவிடுங்கள். பழைய ரசீதுகளையும் கடைசி நாளுக்குள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் தருவதாகச் சொல்லி யாராவது ஓடிபி, பின் எண் கேட்டால் தயவுசெய்து கொடுக்காதீர்கள். பணம் அனுப்ப எங்களுக்கு அவை தேவையே இல்லை.

இத்தனை நாள் நம்பி இருந்தவர்களுக்கு இது சிரமம் என்று தெரியும். மன்னியுங்கள். கணக்கில் சந்தேகம் இருந்தால் ரசீது எண்ணோடு செயலியின் உதவிப் பகுதியில் எழுதுங்கள். குழுவில் போட வேண்டாம்.