மூன்று மணி நேரம் கையில் இல்லை

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய பயண விவரத்தைப் பார்த்தேன். பெர்த்திலிருந்து சிங்கப்பூருக்கு ஒரு டிக்கெட், இங்கிருந்து திருச்சிக்கு வேறு விமான நிறுவனத்தில் தனி டிக்கெட். மாலை 5.30க்குச் சாங்கியில் இறங்கி இரவு 8.30 விமானத்தைப் பிடிப்பதாகப் போட்டிருக்கிறாய். விலை நல்ல விலைதான். நேரக் கணக்குதான் இடிக்கிறது.

உன் கெடு 8.30 இல்லை. பெட்டி போடும் கவுண்டரைப் பெரும்பாலான நிறுவனங்கள் விமானம் புறப்பட 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடும். அப்படியென்றால் 7.30. இறங்கி வெளியே நடக்க 20 நிமிடம், குடிநுழைவுக்கு 15, பெட்டி பெல்ட்டில் வர 30, டெர்மினல் மாறி வரிசையில் நிற்க இன்னொரு 25 என்று வைத்துக்கொள். ஒன்றரை மணி நேரம் இதிலேயே போய்விடும். பெர்த் விமானம் அரை மணி நேரம் தாமதமானால் எல்லாம் முடிந்தது. 1, 2, 3 டெர்மினல்களுக்குள் ஸ்கைட்ரெயினில் மாறிக்கொள்ளலாம். நாலாவதற்குப் பஸ்தான், அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

ஒரே டிக்கெட்டாக இருந்தால், முதல் விமானம் தாமதமானதால் அடுத்தது தவறும்போது அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் பெர்த் நிறுவனத்தின் கடமை உன்னைச் சிங்கப்பூரில் இறக்கியதோடு தீர்ந்தது. திருச்சி நிறுவனத்துக்கோ நீ வராத பயணி, அவ்வளவுதான். இன்னொன்றும் இருக்கிறது. போக வர ஒரே புக்கிங்கில் எடுத்திருந்து போகும் விமானத்தில் ஏறாவிட்டால், பல நிறுவனங்கள் திரும்பும் சீட்டையும் சேர்த்தே ரத்து செய்துவிடும். கட்டண விதியில் ‘நோ ஷோ’ என்று போட்டிருக்கும் பகுதியை வாங்கும் முன் படித்துவிடு.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். பெர்த் கவுண்டரில் டேக் ஒட்டும்போது அதில் உள்ள மூன்றெழுத்தைப் பார். SIN என்று மட்டும் இருந்தால் பெட்டி சாங்கி பெல்ட்டில்தான் வரும், நீ குடிநுழைவைத் தாண்டி வெளியே போய் எடுத்தே ஆக வேண்டும். TRZ என்று இருந்தால்தான் திருச்சி வரை போகும், உன் விஷயத்தில் அதை எதிர்பார்க்காதே. வெளியே வருவதால் எஸ்ஜி அரைவல் கார்டைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் போட்டுவிடு, அது இலவசம். உன் தோழியும் கூட வருகிறாள் என்றாயே. அவள் இந்தியப் பாஸ்போர்ட்டில் வருவதால், சிங்கப்பூருக்குள் நுழைய அனுமதி இருக்கிறதா என்பதை டிக்கெட் வாங்கும் முன்பே பார்க்கச் சொல். இல்லாவிட்டால் பெட்டி பெல்ட்டில் சுற்றிக்கொண்டிருக்கும், அவளால் எடுக்க முடியாது.

எடை வரம்பும் இரண்டு டிக்கெட்டிலும் ஒன்றாக இருக்காது. முதல் டிக்கெட்டில் 30 கிலோவும் அடுத்ததில் 20 கிலோவும் இருந்தால், 20க்கு ஏற்றபடி கட்டு. கவுண்டரில் கூடுதல் எடைக்குக் கேட்கிற காசு, முன்கூட்டியே ஆன்லைனில் வாங்குவதைவிட அதிகம். வழியில் டியூட்டி ஃப்ரீ பாட்டில் வாங்கினால், பெட்டியை மறுபடி போடும் முன் அதற்குள் வைத்துவிடு, கையில் கொண்டுபோனால் பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிக்கு மேல் என்று தடுத்துவிடலாம். இந்திய இ-விசாவைப் பெர்த்தில் கேட்காமல் விடலாம், சாங்கியில் திருச்சி விமானக் கவுண்டரில் கட்டாயம் கேட்பார்கள்.

பெட்டி வரவே இல்லையென்றால், வெளியே வரும் முன் அங்கேயே காணாமல் போன பெட்டிக்கான கவுண்டரில் புகார் எழுதி அதன் எண்ணை வாங்கிக்கொள். அந்த நிறுவனம் பெட்டியைச் சிங்கப்பூரில்தான் ஒப்படைக்கும், திருச்சிக்கு அனுப்பும் என்று நம்பாதே, நம் வீட்டு முகவரியைக் கொடு. பெட்டி தாமதத்துக்கு இழப்பீடு கேட்பதாக இருந்தால், அது கைக்கு வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். சேதம் என்றால் 7 நாள்தான்.

பெர்த்திலேயே தாமதம் என்று தெரிந்தால், விமானம் ஏறும் முன்பே திருச்சி டிக்கெட்டின் தேதியை மாற்று. கட்டணமும் விலை வித்தியாசமும் கட்டினாலும் முழு டிக்கெட்டை இழப்பதைவிட அது மேல். சில நிறுவனங்கள் புறப்பட சில மணி நேரம் இருக்கும்போதே மாற்றத்தை நிறுத்திவிடும், அதனால் யோசித்துக்கொண்டு உட்காராதே. தாமதத்துக்கு விமான நிறுவனத்திடம் எழுத்துச் சான்று வாங்கு, காப்புறுதிக்காரர் அதைத்தான் முதலில் கேட்பார். சில பாலிசிகள் நீயே சேர்த்துக்கொண்ட தனி டிக்கெட்டுகளுக்குப் பணம் தராது, தருபவையும் இரண்டு விமானத்துக்கும் நடுவே குறைந்தபட்ச இடைவெளி இருக்க வேண்டும் என்று கேட்கலாம். இதைப் பாலிசி வாங்கும் முன் பார்.

கல்யாணம் வெள்ளிக்கிழமை காலை. நீ போட்டிருப்பது வியாழன் இரவு விமானம், அது தவறினால் முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர முடியாது. என் யோசனை இதுதான்: புதன் மாலையே வந்து இறங்கு, வீட்டில் தூங்கு, வியாழன் காலை விமானத்தில் போ. லீவு ஒரு நாள் கூடுதலாகும், பரவாயில்லை. அது முடியாது என்றால் பெட்டியே இல்லாமல், கைப்பையோடு மட்டும் வா. திருச்சி விமானத்துக்கு ஆன்லைனில் செக்-இன் ஆகி போர்டிங் பாஸும் கையில் இருந்தால் வெளியே வராமலே கேட்டுக்குப் போகலாம். ஆனால் விசா பார்க்க வேண்டும் என்று சில நிறுவனங்கள் ஆன்லைன் பாஸ் தராது. அப்போது உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபர் கவுண்டரில் தருவார்களா என்று அந்த நிறுவனத்திடம் முன்பே எழுதிக் கேள். புடவையெல்லாம் என்னிடமே இருக்கிறது, நான் முன்கூட்டியே கொண்டுபோய்விடுகிறேன்.

புதன் விமானத்தின் விலையைப் பார்த்துவிட்டு இன்று இரவே சொல்.

அம்மா