அந்தக் கை இருந்த இடம்

அன்புள்ள செல்வா,

பொங்கலுக்கு நீ எழுதியதற்குப் பதில் போடாமலே ஆடி வந்துவிட்டது. மன்னித்துவிடுடா. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாஸ்டர் போன வாரம் காசிமேட்டில் பார்த்தார், அந்த ஐஸ் பெட்டி எங்கே என்று கேட்கச் சொன்னார். நீயே பதில் சொல்லிக்கொள்.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்காக. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதே, அப்போது நான் எடுத்த படம் உனக்குத் தெரியும். காட்டுக்குப்பத்து அண்ணன் ஒருத்தர் ஃபைபர் படகில் குனிந்து வெறுங்கையால் எண்ணெயை அள்ளி டிரம்மில் ஊற்றுகிறார். அதை ராயபுரத்தில் ஒரு கண்காட்சிக்குக் கேட்டார்கள், கொடுத்தேன். மூன்றடி அகலத்தில் பிரிண்ட் போட்டு மாட்டியிருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்தால், எண்ணெயில் ஒட்டிய ஒரு தெர்மாகோல் துண்டு, ஓரத்தில் கடித்தது போல் குழிவோடு. ஒரு சாண் தள்ளி அதே துண்டு, அதே குழிவு. வலது மூலையில் செல்போன் பிடித்த யாரோ ஒருவரின் கை இருந்தது. அதை எடுத்துவிட்டு, பக்கத்துத் தண்ணீரைக் குளோன் செய்து அங்கே ஒட்டியிருக்கிறார்கள்.

கழற்றச் சொன்னேன். "ஒரு கைதானே சார், அதுக்கும் செய்திக்கும் என்ன சம்பந்தம்?" என்றான் வடிவமைத்த தம்பி. 2010-இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ போட்டியில் ஸ்தெபான் ருதிக் என்ற புகைப்படக்காரரும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். கீவ் தெருச் சண்டை பற்றிய அவருடைய படத்தொகுப்புக்குப் பரிசு அறிவித்துவிட்டு, கேமராவில் பதிவான ரா ஃபைலை வாங்கிப் பார்த்தார்கள். ஒரு பெரிய படத்தின் சின்னப் பகுதியை வெட்டி, துணி சுற்றும் கையை மட்டும் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையாக்கி, கரடுமுரடாக்கியிருந்தார். பரிசைப் பறித்தது அதற்காக இல்லை. கைக்குப் பின்னால் தெரிந்த யாரோ ஒருவரின் பாத நுனியை அழித்திருந்தார், அதற்காக.

இதைத் தம்பியிடம் விளக்கினேன். படச்சட்டத்துக்கு வெளியே உலகம் தொடர்கிறது என்பது பார்ப்பவனுக்குத் தெரியும், அதனால் ஓரத்தை வெட்டலாம். படச்சட்டத்துக்கு உள்ளே இருப்பதெல்லாம் அங்கே இருந்தது என்று அவன் நம்புகிறான். கையை எடுத்தால் அந்த இடம் காலியாக இருக்காது, எதையாவது கொண்டுவந்து நிரப்ப வேண்டும். அந்த இடத்தில் அந்த நொடி அந்தத் தண்ணீர் இல்லவே இல்லை. சென்சாரில் படிந்த தூசியின் புள்ளியை அழிக்கலாம், ஏனென்றால் தூசி கேமராவுக்குள் இருந்தது, முகத்துவாரத்தில் இல்லை.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க இடது பக்கம் வெட்டியிருக்கீங்களே சார், அங்க என்ன இருந்துச்சு?" என்றான்.

செல்வா, அன்று ராத்திரி ஹார்டு டிஸ்கைத் தோண்டி முழு படத்தையும் திறந்தேன். இடது பக்கம் இன்னொரு படகில் இரண்டு பேர், முழங்கை வரை ரப்பர் கையுறை. பத்திரிகையில் குறுகலான இடம்தான் கிடைத்தது, அதனால் வெட்டினேன். கூடவே நான் எழுதிக் கொடுத்த வரி: "கையுறைகூட இல்லாமல் எண்ணெய் அள்ளும் மீனவர்கள்." அண்ணனைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் "மீனவர்கள்" என்று எழுதிவிட்டு, கையுறை போட்டவர்களை வெட்டித் தள்ளியிருக்கிறேன்.

2020-இல் தாவோஸில் ஏபி செய்தி நிறுவனம் செய்ததும் வெறும் வெட்டுதான். காலநிலைக்காகப் போராடும் கிரெட்டா துன்பெர்க்கையும் சேர்த்து நின்ற ஐந்து பெண்களில் ஓரத்தில் இருந்த உகாண்டாவின் வனெஸ்ஸா நகாட்டேவை வெட்டிவிட்டார்கள். பின்னால் கட்டடம் உறுத்தியது, படத்தின் அமைப்புக்காக வெட்டினோம் என்றார்கள். மிச்சம் இருந்த நான்கு பேரும் வெள்ளைக்காரப் பெண்கள். ஒரு பிக்சல்கூடப் புதிதாகச் சேர்க்கவில்லை, ஆனாலும் கடைசியில் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது.

அதனால் இப்போது வெட்டுவதற்கு முன்னால் படத்துக்கான வரியை எழுதிவிடுகிறேன். அதை முழு படத்துக்குக் கீழேயும் வெட்டிய படத்துக்குக் கீழேயும் வைத்துப் படிக்கிறேன். முழு படத்துக்கு அது பொருந்தவில்லை என்றால் வரியை மாற்றுகிறேன், இல்லையென்றால் வெட்டுவதில்லை. அந்தத் தெர்மாகோல் பிரிண்ட் கழற்றியாகிவிட்டது. முழு படத்தை, கையோடும் கையுறையோடும், போடச் சொல்லியிருக்கிறேன். பத்திரிகைக்கும் திருத்தம் எழுதப் போகிறேன்.

அதற்கு ஒரு விவரம் வேண்டும். அன்று நீதான் கரையில் என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அந்த இரண்டு பேரின் கையுறை யாராவது கொடுத்ததா, அவர்களே வாங்கிக்கொண்டதா? அண்ணனுக்குக் கிடைக்கவே இல்லையா, இல்லை, வழுக்குகிறது என்று கழற்றிவிட்டாரா? எனக்கு ஞாபகம் இல்லை. நினைவிருப்பதை மட்டும் எழுது.

உன்,
பாஸ்கர்